அடைக்கப்பட்ட நாற்பது துளைகள்: மலைச்சாலைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலைச்சாலைகளையும் தடுப்புச் சுவர்களையும் திட்டமிட்டு, கட்டி, பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

கடந்த மே மாதம், கோடை சீசனுக்கு ஒரு வாரம் முன்பு, எங்கள் ஊருக்குக் கீழே இருக்கும் வளைவுக்கு இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். கையில் ஒரு சிமென்ட் சட்டியும் ஒரு கரணையும் இருந்தன. அங்கே மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நீங்கள் கட்டிய தடுப்புச் சுவர் நிற்கிறது. நான்கு மீட்டர் உயரம், முப்பது மீட்டர் நீளம். அதில் இரண்டு வரிசையாக நாற்பது கசிவுத் துளைகள். வந்தவர்கள் கீழ் வரிசையில் தொடங்கி, ஏணி போட்டு மேல் வரிசையையும் முடித்து, மாலைக்குள் நாற்பதையும் அடைத்துவிட்டுப் போனார்கள். நான் எதிர்ப்பக்கக் கலுங்கில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

காரணம் கேட்டேன். சுவர் முழுவதும் புதிதாக வண்ணம் அடித்து, நடுவில் ஒரு வரையாடு வரைந்திருந்தார்கள். அழகான ஓவியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் கொம்புக்கு மேலே இருந்த துளையிலிருந்து செம்மண் நீர் வடிந்து, ஆட்டின் முகத்தில் கோடு இழுத்துவிட்டது. போதாதற்கு, கீழ்த்துளைகளின் நீர் புதுத் தார்ச்சாலையில் ஓடி, ஓரத்தை அரிக்கிறதாம். "சீசனுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், சுவர் அழுதுகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? மேலே இருந்து சொல்லிவிட்டார்கள் ஐயா" என்றார் மேற்பார்வையாளர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு மேலே இருந்து சொன்னது யாரோ, அவருக்குத்தான் இந்த மடல்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் சமவெளியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். பொறியாளர் அல்ல. மண் மாதிரியைக் குழாயிலிருந்து உருவி, எடை போட்டு, வெட்டுப்பெட்டியில் வைத்து நகர்த்தி, எந்த விசையில் அறுகிறது என்று ஏட்டில் எழுதியவன். ஓய்வு பெற்றபின் குன்னூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன். தோட்டம் என்றால் ஒன்றரை ஏக்கர். அதன் கீழ் எல்லைதான் உங்கள் சுவர்.

மலை ஏன் மழையில் சரிகிறது என்று கேட்டால், ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். மண் நனைந்து கனத்துப் போகிறது, கனம் தாங்காமல் விழுகிறது. உங்களில் சிலரும் கூட்டங்களில் இப்படியே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கனம் கூடுவது உண்மை. ஆனால் மண்ணின் கனம் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரு பங்கு மண்ணைச் சரிவின் வழியே கீழே இழுக்கிறது. இன்னொரு பங்கு மண்ணை அடியில் இருக்கும் தளத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தினால்தான் உராய்வு பிறக்கிறது, உராய்வுதான் மண்ணைப் பிடித்து வைக்கிறது. கனம் கூடினால் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே கூடும். ஆகவே, கனம் மட்டும் ஒரு சரிவைக் கவிழ்ப்பது அரிது.

கவிழ்ப்பது வேறு. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் நீர் நிறைந்து, வெளியேற வழி இல்லாமல் தேங்கும்போது, அது எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. அதற்குப் பெயர் துளைநீர் அழுத்தம். அது துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கப் பார்க்கிறது. அதாவது, மேலிருந்து அழுத்தும் மண்ணின் பாரத்தில் ஒரு பகுதியை நீர் தன் தோளில் வாங்கிக்கொள்கிறது. நீர் வாங்கிய பாரத்துக்கு உராய்வு கிடையாது. கீழே இழுக்கும் விசையோ இம்மியும் குறைவதில்லை. மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் டெர்சாகி இதைச் சொல்லி நூறு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் படிப்பில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ வரும் பாடம் இது. உங்களுக்குச் சொல்லித்தருவதற்காக இதை எழுதவில்லை. இந்த மடலை எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள்.

இப்போது என் தோட்டத்தின் கணக்கைப் பாருங்கள். எங்கள் சரிவு ஏறக்குறைய முப்பது டிகிரி. மேலே மூன்று மீட்டருக்குச் செம்மண். அதன் கீழே, சார்னோகைட் பாறை மக்கி உருவான வெளிர்மஞ்சள் களிப்படிவம் இருக்கிறது. புவியியலாளர்கள் லித்தோமார்ஜ் என்பார்கள். கையில் எடுத்துப் பிசைந்தால் சோப்புத் துண்டுபோல வழுக்கும். மழைநீர் செம்மண்ணில் சரசரவென்று இறங்கி, இந்தக் களியை அடைந்ததும் மேற்கொண்டு இறங்க முடியாமல் அதன் மேலேயே தேங்குகிறது. நீலகிரியில் பல சரிவுகளின் கதை இதுதான். செம்மண்ணும் களியும் சந்திக்கும் அந்தத் தளத்தில்தான் மண் வழுக்கும்.

அந்தத் தளத்தில் ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் நிற்கும் மண், கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்து, தளம் சாய்ந்திருப்பதையும் கணக்கில் எடுத்தால், ஏறக்குறைய 4.7 டன். சரிவு முப்பது டிகிரி என்பதால், இதில் கீழே இழுக்கும் பங்கு 2.34 டன், தளத்தை அழுத்தும் பங்கு 4.05 டன். என் மண்ணின் உராய்வுக் கோணம் முப்பது டிகிரி. எனவே 4.05 டன் அழுத்தத்தால் கிடைக்கும் உராய்வு 2.34 டன். அதோடு மண்ணின் ஒட்டுத்திறனும் தேயிலை வேர்களின் பிடியும் சேர்ந்து அரை டன் என்று கணக்கிட்டேன். மொத்தப் பிடிமானம் 2.84 டன். இழுப்பது 2.34, பிடிப்பது 2.84. வகுத்தால் 1.21. நீர் தேங்காத நாளில் என் தோட்டத்தின் பாதுகாப்புக் காரணி இவ்வளவுதான். உங்கள் வரைபடங்களில் நீங்கள் கேட்கும் 1.5 எங்கள் மலையில் பல இடங்களில் வெயில் காலத்திலேயே கிடையாது. இந்த மலை எப்போதுமே குறுகிய கடனில்தான் நிற்கிறது.

இனி நீரை ஏற்றுவோம். களிக்கு மேலே 40 சென்டிமீட்டர் நீர் தேங்கினால், சரிவின் சாய்வையும் சேர்த்துக் கணக்கிட்டு, அது மேல்நோக்கித் தாங்கும் பாரம் சதுர மீட்டருக்கு 0.3 டன். காரணி 1.14 ஆகக் குறையும். 85 சென்டிமீட்டர் ஆனால் 1.06. நீர் 120 சென்டிமீட்டரைத் தொட்டால், தாங்கும் பாரம் 0.9 டன். தளத்தை அழுத்த மிஞ்சுவது 3.15 டன், அதற்கான உராய்வு 1.82, ஒட்டுத்திறனோடு சேர்த்து 2.32. இழுப்பதோ அதே 2.34. மூன்று மீட்டர் மண்ணில் நீர் பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை, தோட்டம் இறங்கிவிடும். மண் முழுவதும் நனைந்து சேறாக வேண்டிய அவசியமே இல்லை. மேலே செருப்புக்கூட ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருக்கும்போதே அடியில் இது நடக்கலாம்.

அந்த அரை டன் ஒட்டுத்திறனும் முழுக்க நம்பத்தக்கதல்ல. அரைகுறை ஈரத்தில் இருக்கும் மண், துகள்களுக்கு நடுவே நீர்ப்படலம் இழுத்துப் பிடிப்பதால் கெட்டியாக நிற்கும். கடற்கரையில் ஈரமணலில் குழந்தைகள் கோபுரம் கட்டுவது இதனால்தான். அலை ஏறி மணல் முழுதாக நனைந்ததும் கோபுரம் உட்கார்ந்துவிடும். என் அரை டன்னில் எவ்வளவு நிலையானது, எவ்வளவு அந்த ஈரம் கொடுத்த கைமாற்று என்பதை அடைமழைதான் காட்டும். ஆகவே 120 என்பது எல்லையின் நல்ல பக்கம். உண்மை எல்லை அதற்குக் கீழேதான் இருக்கும்.

இது கணக்கு. களத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டாமா? சுவருக்கு ஆறு மீட்டர் மேலே, இரண்டு தேயிலை வரிசைகளுக்கு நடுவே, அண்ணன் மகனோடு சேர்ந்து கைத்துரப்பணத்தால் களி தட்டும்வரை துளைத்து, ஒரு பி.வி.சி. குழாயை இறக்கினேன். அடிப்பகுதியில் மட்டும் சிறு துளைகள், சுற்றிலும் சலித்த மணல். அதற்கு மேலே, மேல்நீர் நேராக உள்ளே இறங்காமல் களிமண் அடைப்பு. வாயில் ஒரு மூடி. இதற்குப் பெரிய செலவு இல்லை. நாடாவின் நுனியில் ஒரு சிறு வெண்கலக் குவளையைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறேன். குழாய்க்குள் இறக்கினால், நீரைத் தொடும் நொடியில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில் நாடாவைப் பிடித்து அளவைப் படிக்க வேண்டும். தினமும் காலை ஆறரை மணிக்கு, காபிக்கு முன்பு, இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் என் நாள் தொடங்குகிறது. பக்கத்தில் ஒரு மழைமானியும் உண்டு.

சென்ற ஆண்டு அக்டோபரில் மூன்று நாட்களில் 140 மில்லிமீட்டர் பெய்தது. குழாயில் நீர் 40 சென்டிமீட்டர் ஏறியது, மழை நின்ற இரண்டாம் நாள் வடிந்துவிட்டது. அப்போது உங்கள் சுவரின் கீழ்த்துளைகள் ஒவ்வொன்றிலும் விரல் தடிமனுக்கு நீர் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஆண்டு ஆகஸ்டில் மூன்று நாட்களில் 110 மில்லிமீட்டர். மழை குறைவு. நீர் 85 சென்டிமீட்டர் ஏறியது. வடிய ஒன்பது நாட்கள் ஆயின. சுவர் மட்டும் வறண்டு, வரையாடு பளிச்சென்று நின்றது.

ஒரே குழாயை வைத்து மலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். மே மாதத்தில் நடந்தது துளை அடைப்பு மட்டும் அல்ல என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கு மேலே, சரிவின் நீரைத் திருப்பிவிடும் சிமென்ட் வடிகாலைக் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த பொக்லைன் இரண்டு இடங்களில் உடைத்தது, யாரும் பூசவில்லை. உடைந்த வடிகால் வடிகாலே இல்லாததைவிட மோசம். பரந்து ஓட வேண்டிய நீரையெல்லாம் சேர்த்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் சரிவுக்குள் இறக்குகிறது. 85 சென்டிமீட்டரில் அதன் பங்கு எவ்வளவு, துளைகளின் பங்கு எவ்வளவு என்று என் ஒற்றைக் குழாயால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் உங்கள் பொறுப்பில் இருப்பவை என்பதால் நான் அதிகம் கவலைப்படவில்லை.

என் தோட்டத்தை விடுங்கள், உங்கள் சுவரையே பார்ப்போம். நான்கு மீட்டர் சுவருக்குப் பின்னால் நீர் தேங்காத மண் இருந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு அது தள்ளும் விசை ஏறக்குறைய 5 டன். அதே சுவருக்குப் பின்னால் நீர் முழு உயரத்துக்கும் நின்றால், நீர் மட்டுமே 8 டன் தள்ளும். மூழ்கிய மண்ணின் பங்கு இன்னும் இரண்டரை டன். மொத்தம் பத்தரை. கசிவுத் துளைகள் வேலை செய்யும் என்று நம்பி 5 டன்னுக்கு வடிவமைத்த சுவரில், ஒரு சட்டி சிமென்ட்டைக் கொண்டு பாரத்தை இரண்டு மடங்காக்கிவிட்டீர்கள். அந்தத் துளைகளை வரைபடத்தில் போட்டது உங்களில் ஒருவர்தானே? துளைக்குப் பின்னால் சல்லி வடிகட்டி வைத்து, குழாயை வெளிப்பக்கம் சற்றே சரித்து, ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று இடம் குறித்த அந்தப் பொறியாளரை நான் பார்த்ததில்லை, ஆனால் அவரை மதிக்கிறேன். அவரைக் கேட்டுவிட்டா அடைத்தீர்கள்?

துளையிலிருந்து செம்மண் நீர் வந்தது குறைதான். தெளிந்த நீர் வந்தால் வடிகட்டி நன்றாக இருக்கிறது என்று பொருள். மண் கலந்து வந்தால், பின்னால் இருக்கும் வடிகட்டி பழுது, சுவருக்குப் பின்னால் மண் அரித்துப் பொந்து விழுகிறது என்று பொருள். அதைத் திறந்து வடிகட்டியைச் சரிசெய்திருக்க வேண்டும். நோயாளி இருமுகிறார் என்று வாயைக் கட்டிவிட்டீர்கள்.

இந்த அளவுக்கு நான் பதறுவதற்கு 2009 ஒரு காரணம். அந்த நவம்பரில் சில நாட்களாகவே மழை. 10ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் மட்டும் 820 மில்லிமீட்டர் பதிவானது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகள் அறுந்தன, மலை ரயில் பாதையும் அறுந்தது.

நான் அப்போது விடுப்பில் வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஊற்று உண்டு, வெயில் காலத்தில் விரல் நனைக்கும் அளவுக்குத்தான் இருக்கும். அன்று இரவு அது வாளி வாளியாக, காப்பி நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் யாரும் தூங்கவில்லை. விடிவதற்குச் சற்று முன்பு, மழை அதே வேகத்தில் பெய்துகொண்டிருக்க, இரைச்சல் மட்டும் சட்டென்று நின்றது. நான் நிம்மதியாகப் போர்வையை இழுத்தேன். அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஊற்று நின்றுவிட்டது. எல்லோரும் எழுந்திருங்கள், இப்போதே வெளியே போக வேண்டும்" என்றார். மாமா முனகினார். அத்தை மாட்டுக் கொட்டகையின் கயிறுகளை அவிழ்க்கப் போய்விட்டார், வேறு வழியில்லாமல் நாங்களும் எழுந்தோம். எதிர்மேட்டில் இருந்த கோயில் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் இருக்கும். பின்பக்கத் தேயிலைப் பாத்தி முழுவதும், செடிகள் நின்ற வாக்கிலேயே, ஒரு பாயை இழுப்பதுபோல இறங்கி வந்து சமையலறையை மூடியது.

அத்தை பள்ளிக்கூடம் போனவர் அல்ல. மழை பெய்யும்போது ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றால், நீர் தீர்ந்துவிட்டது என்று பொருள் அல்ல, போகும் வழி அடைபட்டுவிட்டது என்று பொருள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே மண் இம்மியளவு நகர்ந்திருக்கும், நீரின் பாதை நசுங்கியிருக்கும், அதன்பின் ஒவ்வொரு துளியும் உள்ளேயே அழுத்தமாகச் சேர்ந்திருக்கும். முப்பத்தொரு ஆண்டுகள் மண்ணை அறுத்துப் பார்த்த நான் அன்று போர்வையை இழுத்தவன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. மே மாதம் கலுங்கில் உட்கார்ந்து உங்கள் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது என் காதில் விழுந்தது அந்த இரைச்சல் நின்ற சத்தம்தான். சரிவு விழுவதற்கு முன் தானாகச் செய்துகொள்ளும் காரியத்தை நீங்கள் சம்பளம் கொடுத்துச் செய்வித்தீர்கள்.

உங்கள் இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மழை பெய்யும்போது சாலையை மூடுகிறீர்கள், வெயில் அடித்ததும் திறக்கிறீர்கள். மேலோட்டமான சிறு சரிவுகள் பெருமழையின் உச்சத்திலேயே விழுந்துவிடும் என்பது சரி. ஆனால் நீர் மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்கு இறங்கவும், மேட்டிலிருந்து களியின் மேலே பக்கவாட்டில் நகர்ந்து வந்து சேரவும் நேரம் ஆகும். என் குழாயில் ஆகஸ்ட் மழையின் உச்ச அளவு வந்தது, மழை நின்று பதினெட்டு மணி நேரம் கழித்து. வானம் நீலமாக இருந்தது, கீழே சுற்றுலா வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின, குழாயில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. வானத்தைப் பார்த்துச் சாலையைத் திறப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

பிற ஊர்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இலங்கையின் மலையகத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்தே படிப்படியாக எச்சரிக்கை விடுகிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும், 100 ஆனால் கிளம்பத் தயாராக வேண்டும், 150 ஆனால் வெளியேற வேண்டும். அங்கேயும் உயிர்ப்பலிகள் நின்றுவிடவில்லை, எச்சரிக்கை வந்தும் போக இடம் இல்லாமல் லயன் வீடுகளிலேயே இருந்தவர்கள் மண்ணுக்குள் போயிருக்கிறார்கள். ஆனால் லயனில் இருப்பவருக்கும் புரியும் எண் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். 1976இல் மறுபடியும் ஒரு சரிவு. 1977இல் சரிவுகளைக் கண்காணிப்பதற்கென்றே அரசு ஒரு தனி அலுவலகத்தைத் தொடங்கியது. இன்று அங்கே வெட்டிய பெரிய சரிவு ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் உண்டு. துளையும் வடிகாலும் அடைபட்டிருக்கின்றனவா என்று மழைக்காலத்துக்கு முன்பு பார்ப்பது அங்கே வழக்கமான பராமரிப்பு. நீங்கள் மழைக்காலத்துக்கு முன்பு வந்தது அடைப்பதற்கு.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. எனவே நான் கேட்பவற்றை நேராகவே எழுதுகிறேன்.

முதலில், அக்டோபர் பிறப்பதற்குள் அந்த நாற்பது துளைகளையும் திறக்க வேண்டும். வெளிப்பூச்சைக் கொத்திவிட்டுப் போனால் போதாது. ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டு, பின்னால் சல்லிவரை வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செம்மண் நீர் வந்த துளைகளுக்குப் பின்னால் வடிகட்டியை மாற்ற வேண்டும். சாலையில் நீர் ஓடுவதுதான் கவலை என்றால், சுவரின் அடியில் ஒரு அடி அகலத்துக்கு வாய்க்கால் கட்டி, வளைவின் கலுங்குக்குக் கொண்டுபோய் விடுங்கள். வரையாட்டை அழிக்கச் சொல்லவில்லை, துளை இல்லாத இடத்தில் மறுபடி வரையலாம்.

அடுத்து, மேல்வடிகாலின் இரண்டு உடைப்புகளையும் அதே வாரத்தில் பூச வேண்டும். குழாய் பதித்த பள்ளத்தையும் வெறுமனே மண் தள்ளி மூடாமல், அடுக்கடுக்காக இடித்து மூட வேண்டும். தளர்ந்த பள்ளம் சரிவுக்குள் நீரை வார்க்கும் புனல்.

சுவருக்கு மேலே குறைந்தது மூன்று இடங்களில் நீர்மட்டக் குழாய்களும் ஒரு மழைமானியும் வைக்க வேண்டும். அளப்பதற்கு ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். எங்கள் ஊரிலேயே ஐந்து பேருக்கு நான் கற்றுக்கொடுத்துவிட்டேன், அவர்களில் இருவர் பத்தாம் வகுப்பு மாணவிகள். அன்றாட அளவைச் சாவடிப் பலகையில் எழுதிவைப்போம். எந்த அளவில் கவனம், எந்த அளவில் ஊரைக் காலி செய்வது என்ற எண்களை நீங்கள் முறையாக மண் எடுத்துச் சோதித்து, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். என் 120 சென்டிமீட்டரை யாரும் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைத் தவறு என்று நிரூபித்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

பெருமழைக்குப் பின் இந்த வளைவைத் திறப்பதை வானத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், குழாயின் நீர்மட்டம் இறங்கத் தொடங்கிவிட்டதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்வரை, வெயில் எவ்வளவு அடித்தாலும், சாலை மூடியே இருக்க வேண்டும்.

கடைசியாக, யார் உத்தரவில், எந்த ஆய்வின் பேரில் துளைகள் அடைக்கப்பட்டன என்பதற்கு எழுத்தில் ஒரு பதில் வேண்டும். இந்த மாவட்டத்தில் வேறு எத்தனை சுவர்களில் இதே வேலை நடந்திருக்கிறது என்பதும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும். யாரையும் தண்டிக்க அல்ல, அந்தச் சுவர்களுக்கு மேலேயும் ஊர்கள் இருப்பதால் கேட்கிறேன். பதினைந்து நாட்களில் பதில் வராவிட்டால், இந்த மடலையும் என் ஏட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு ஊரார் அனைவரும் உங்கள் அலுவலக வாசலுக்கு வருவோம்.

நீங்கள் வருவதாக இருந்தால் எந்த நாளும் வரலாம். குழாய் மூன்றாவது தேயிலை வரிசையின் முடிவில், வெள்ளிவாகை மரத்தடியில் இருக்கிறது. நாடா எங்கள் வாசல் ஆணியில் தொங்குகிறது, நான் வீட்டில் இல்லாவிட்டால் அத்தையிடம் கேளுங்கள். இன்று காலை நீர்மட்டம் 31 சென்டிமீட்டர். மழை பெய்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன.

இப்படிக்கு,
சுவருக்கு மேலே குடியிருப்பவன்